மனக்கணக்கு ஓட்டுநரைக் கதையில் எழுதுவது எப்படி: ஒரு சிறுகதைக்கான முழுமையான வழிகாட்டி

வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், வண்டியில் ஏறிய பயணியிடம் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று சொல்கிறார். அதே நேரத்துக்குப் போய்ச் சேருகிறார். இந்தக் கருவில் நான் முதலில் எழுதிய கதை தோற்றுப்போனது. அதைப் படித்த நண்பர், "இவர் ஓட்டுநரா, சோதிடரா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானதே. கணக்கின் விடையை மட்டும் சொல்லிவிட்டு, கணக்கை நான் காட்டவே இல்லை. நான்கு முறை மாற்றி எழுதிய பிறகே கதை நின்றது. அந்தக் கதையை எடுத்துக்காட்டாக வைத்து, இப்படியொரு ஓட்டுநரை வாசகர் நம்பும்படி எழுதும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரே சாலை, ஒரே ஆண்டு, ஒரே நாள்

"நகரத்தின் எல்லாச் சாலைகளும் அவருக்கு அத்துப்படி" என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் கிடைக்காது. ஒரு பயணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் கதையில் பயணம் குரோம்பேட்டையிலிருந்து சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் வரை; ஏறத்தாழ 23 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் பல்லாவரம், விமான நிலையம், கத்திப்பாரா. பிறகு கிண்டி, சைதாப்பேட்டைப் பாலம், நந்தனம், தேனாம்பேட்டை என்று அண்ணா சாலையிலேயே போய், ஜெமினி மேம்பாலத்தையும் சிம்சனையும் கடந்து சென்ட்ரல்.

இடத்தைப் போலவே ஆண்டையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கத்திப்பாராவில் இன்றுள்ள மேம்பாலம் 2008-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு அங்கே நேரு சிலையைச் சுற்றிப் போகும் ரவுண்டானாவில் எல்லாத் திசை வண்டிகளும் மோதிக்கொண்டு நிற்கும். அதன்பின் வந்த மெட்ரோ ரயில் பணிகள் அண்ணா சாலையின் பல பகுதிகளைப் பல ஆண்டுகள் மாற்றிப்போட்டன. ஓட்டுநரின் அறிவு என்பது அந்தந்த ஆண்டின் சாலையைப் பற்றிய அறிவு. 1995-இல் சரியாக இருந்த கணக்கு 2012-இல் தவறாகிவிடும். ஆண்டைச் சொல்லாமல் எழுதினால், சென்னையில் வண்டி ஓட்டிய ஒரு வாசகர் இரண்டாவது பத்தியிலேயே கதையை மூடிவிடுவார். நான் 2004-ஐ எடுத்துக்கொண்டேன். கால் டாக்ஸிகள் பரவிவிட்ட காலம் அது. கைப்பேசியில் வரைபடம் பார்த்து வண்டி ஓட்டும் வழக்கம் இன்னும் வரவில்லை. ஓட்டுநர் கன்னியப்பனுக்குத் துணையாக இருப்பவை கைக்கடிகாரமும் பழைய பயணங்களின் நினைவும் மட்டுமே.

நாளும் நேரமும் அதே அளவுக்கு முக்கியம். மாலையில் ஜி.எஸ்.டி. சாலையின் கூட்டம் நகரத்திலிருந்து தாம்பரம் நோக்கி வெளியேறும். நகரத்துக்குள் போகிறவருக்கு அது எதிர்த் திசை என்பதால் சாலை ஓரளவு இளகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் பண்டிகை விடுமுறை முடிகிற நாளிலும் இது தலைகீழாகிவிடும். ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி உள்ளே வருவார்கள். முகூர்த்த நாளென்றால் இரவு ஏழு முதல் ஒன்பது வரை திருமண மண்டபங்களுக்கு முன்னால் சாலையின் ஒரு பாதி கார்களுக்குப் போய்விடும். கதை நடக்கும் நாள் முகூர்த்தமில்லாத ஒரு வெள்ளிக்கிழமை என்றும், பயணம் இரவு 8.05-க்குத் தொடங்குகிறது என்றும் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் படி: ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய கேள்வி

களத்துக்குப் போய்ப் பேசாமல் இந்தக் கதையை எழுத முடியாது. ஆனால் "எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?" என்று ஓட்டுநரிடம் கேட்டால், "பழக்கம்தான் சார்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அவர் மறைக்கவில்லை, அவருக்கு அது கணக்காகவே தோன்றுவதில்லை. ஆகவே, "நேற்று எங்கே லேட் ஆச்சு?" என்று கேளுங்கள். அப்போது இடம், மணி, காரணம், அதைத் தவிர்க்க அவர் திரும்பிய தெரு என எல்லாமும் தாமாக வரும். இப்படி நான்கு பேரிடம் கேட்டதில் எனக்கு இரண்டு செய்திகள் கிடைத்தன. கதை முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

முதலாவது, அவர்கள் கிலோமீட்டரை வேகத்தால் வகுப்பதே இல்லை. சாலையைத் துண்டுகளாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நேரம் உண்டு. சிக்னலைக்கூட நிமிடத்தில் சொல்லாமல் எண்ணிக்கையில்தான் சொல்கிறார்கள். "அங்கே மூணு சிக்னல் நிக்கணும்" என்றால், விளக்கு மூன்று முறை பச்சையாகி மாறிய பிறகே நம் வண்டி கடக்கும் என்று பொருள். கடைசி வண்டி எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்பதைப் பார்த்தே இது இரண்டா மூன்றா என்று சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாவது, அவர்கள் எப்போதும் இரண்டு விடைகள் சொல்கிறார்கள். "ஒரு மணி நேரம் ஆகும். ஒன்றேகால் வெச்சுக்கோங்க." முதல் எண் மதிப்பீடு. "வெச்சுக்கோங்க" என்று முடிகிற இரண்டாவது எண் வாக்குறுதி. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கால் மணி நேரமே அந்த ஓட்டுநரின் அனுபவம். நான் எழுதிய கதை முழுக்க இந்தப் பதினைந்து நிமிடங்களுக்குள்தான் நடக்கிறது.

மூன்றாம் படி: கணக்கை நீங்களே போட்டு வையுங்கள்

கதையில் வராவிட்டாலும், துண்டுக்கணக்கு எழுதுகிறவரிடம் தாளில் இருக்க வேண்டும். கன்னியப்பனின் கணக்கை இப்படி அமைத்தேன். குரோம்பேட்டையிலிருந்து விமான நிலையம் வரை 13 நிமிடம், அங்கிருந்து கத்திப்பாரா 10, கத்திப்பாராவிலிருந்து சைதாப்பேட்டைப் பாலம் 10, பாலத்திலிருந்து நந்தனம் 5, நந்தனத்திலிருந்து ஜெமினி 7, ஜெமினியிலிருந்து சிம்சன் 10, சிம்சனிலிருந்து சென்ட்ரல் வாசல் 7. மொத்தம் 62 நிமிடம். 8.05-க்குப் புறப்பட்டால் 9.07-க்குச் சென்ட்ரல். வாய்விட்டுச் சொல்லும்போது அவர் அதை "ஒரு மணி நேரம்" என்கிறார். வாக்குறுதி ஒன்றேகால் மணி, அதாவது 9.20.

இந்த எண்களைக் கற்பனையில் இட்டுவிடக் கூடாது. நீங்கள் எழுதப்போகும் சாலையில், அதே கிழமையில், அதே நேரத்தில், குறைந்தது மூன்று முறை போய் ஒவ்வொரு இடத்தையும் கடக்கும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மொத்த நேரத்தைவிட முக்கியமான ஒன்று தெரியும். சில துண்டுகள் என்றைக்கும் ஒரே நேரம் எடுக்கின்றன. சில துண்டுகள் ஒரு நாள் ஏழு நிமிடமும் மறுநாள் இருபத்தைந்து நிமிடமும் எடுக்கின்றன. அனுபவமுள்ள ஓட்டுநர் தம் கால் மணி நேரத்தை எல்லாத் துண்டுகளுக்கும் சமமாகப் பங்கிடமாட்டார். ஆடும் துண்டுகள் எவை என்று அவருக்குத் தெரியும். உபரி முழுவதையும் அங்கேயே செலவழிப்பதற்காக வைத்திருப்பார். கதையின் நெருக்கடியை அப்படிப்பட்ட ஒரு துண்டில்தான் வைக்க வேண்டும். நான் நந்தனத்துக்கு அப்பால் வைத்தேன்.

பயணியின் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள், ஏனென்றால் சென்ட்ரல் வாசலை அடைவது ரயிலைப் பிடிப்பது ஆகாது. என் கதையில் ஏறுபவர்கள் மங்கையர்க்கரசியும், முழங்கால் வலியுள்ள அவருடைய தந்தையும். கோவை வண்டி 9.45-க்குப் புறப்படும். வாசலில் இறங்கிப் பெட்டியைக் கண்டுபிடித்து ஏற, பெரியவரின் நடைக்கு 15 நிமிடம் வேண்டும். ஆகவே வாசலுக்கு 9.30-க்குள் வந்தாக வேண்டும். இந்த 9.30-ஐக் கன்னியப்பன் யாரிடமும் கேட்பதில்லை. பெரியவர் காரில் ஏறிய விதத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்:

*பெரியவர் முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். கன்னியப்பன் கதவைச் சாத்தாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.*

*"எத்தினி மணிக்கும்மா வண்டி?"*

*"ஒன்பதே முக்காலுக்கு. போயிடலாமாங்க?"*

*"ஒரு மணி நேரம் ஆகும்மா. ஒன்றேகால் வெச்சுக்கங்க. ஐயா மெதுவா நடந்தாலும் ஏறிடலாம்."*

கணக்கு முழுவதும் இந்த மூன்று வரிப் பேச்சில் இருக்கிறது. ஆனால் எங்கும் கூட்டல் தெரியவில்லை.

நான்காம் படி: கணக்குப் பார்க்கும் இடங்கள்

மனத்தில் போட்ட கணக்கை ஓட்டுநர் வழியில் சரிபார்த்துக்கொண்டே வருவார். அதற்கென்று அவருக்குச் சில இடங்கள் உண்டு. எல்லா ஊர்ப்பெயர்களையும் வரிசையாக எழுதிப் பயண அட்டவணை ஆக்கிவிடாதீர்கள். மூன்று இடங்கள் போதும். நான் விமான நிலையம், கத்திப்பாரா, நந்தனம் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

முதல் இடத்தில் கணக்கு சரியாக இருக்கட்டும், வாசகருக்கு அளவுகோல் கையில் கிடைக்கும். விமான நிலையத்தைக் கடக்கும்போது 8.18. ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இரண்டாம் இடத்தில் சிறிது பிசகட்டும். கத்திப்பாரா ரவுண்டானாவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றதால் இரண்டு நிமிடம் கூடிவிட்டது. இதற்குக் கன்னியப்பன் பதறக் கூடாது. வேகத்தையும் கூட்டக் கூடாது. என் மூன்றாவது திருத்தத்தில் அவர் அங்கே வண்டியை விரட்டினார், அது பொய்யாகவே பட்டது. கால் மணி நேரம் கையில் வைத்திருப்பவர் இரண்டு நிமிடத்துக்காக வேகம் எடுக்கமாட்டார். அதோடு, நகரச் சாலையில் வேகத்தால் மீட்கும் நிமிடங்கள் அடுத்த சிக்னலில் போய்விடும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பின் இருக்கையில் மங்கையர்க்கரசி தம் கடிகாரத்தைப் பார்க்கலாம். பேச்சு தேவையில்லை. இருவரும் ஒரே கடிகார நேரத்தைப் பார்க்கிறார்கள், ஆனால் அவருக்குக் கழிந்த நேரம் தெரிகிறது, கன்னியப்பனுக்கு மீதமுள்ள சாலை தெரிகிறது. அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் கடிகாரத்தையும் மற்றவர் சாலையையும் பார்ப்பதாக எழுதினாலே போதும்.

ஐந்தாம் படி: அறிகுறி

மூன்றாவது இடத்தில்தான் கதை திரும்புகிறது. இங்கே ஓட்டுநருக்கு ஏதோ "தோன்றியது" என்று எழுதினால் பழைய சோதிடர் திரும்பி வந்துவிடுவார். அவர் கண்ணில் பட்டது எது என்று வாசகரும் பார்க்க வேண்டும். முன்னாலுள்ள நெரிசல் நம் பக்கத்துச் சாலையில் தெரிவதற்கு முன்பே, எதிர்ப் பக்கத்துச் சாலையில் தெரிந்துவிடுவதுண்டு. அங்கே வண்டிகள் இரு திசையிலும் நின்றுவிட்டால், எதிரே வர வேண்டியவை வாரா. அனுபவமுள்ளவர்கள் "எதிர்ல வண்டி வரல" என்று சொல்லிக்கொள்வது இதைத்தான்.

நந்தனத்தில் இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்கே தியாகராய நகர்ப் பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து அண்ணா சாலையில் சேர்வதால், தேனாம்பேட்டையில் அடைபட்டிருந்தாலும் எதிர்ப்பக்கச் சாலை வெறுமையாகத் தெரியாது. கார்களும் ஆட்டோக்களும் வந்துகொண்டுதான் இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர் ஏமாந்துவிடுவார். கன்னியப்பன் பார்ப்பது பிராட்வேயிலிருந்து அண்ணா சாலை வழியாகவே வரும் 18-ஆம் எண் வரிசைப் பேருந்துகளை:

*சைதாப்பேட்டைப் பாலம் ஏறியதிலிருந்து எதிரே ஒரு பதினெட்டுகூட வரவில்லை. ஆட்டோ வந்தது, கார் வந்தது, தி. நகர்ப் பேருந்து ஒன்று வந்தது. நந்தனம் சிக்னலில் நின்றபோது கன்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டே முக்கால். இந்த நேரத்துக்கு மூன்று பதினெட்டாவது தாண்டியிருக்க வேண்டும்.*

அறிகுறி இவ்வளவு சிறியதாக இருப்பதே நல்லது. காரணத்தை இங்கே சொல்லிவிடாதீர்கள். ஊர்வலமா, விபத்தா, முக்கியப் பிரமுகர் ஒருவர் போவதற்காகச் சாலையை நிறுத்தியிருக்கிறார்களா என்பது ஓட்டுநருக்கும் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டுதான் அவர் முடிவெடுக்க வேண்டும்.

ஆறாம் படி: முடிவெடுக்கும் கணக்கு

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். பெரும்பாலான வரைவுகள் இங்கேதான் சறுக்குகின்றன. நந்தனத்தில் மணி 8.45. நேராகப் போய்ச் சாலை திறந்திருந்தால் மீதமுள்ள 24 நிமிடத்தில், 9.09-க்குச் சென்ட்ரல். இடப்பக்கம் திரும்பினால் தியாகராய நகர். வெள்ளிக்கிழமை இரவில் கடைத்தெருக் கூட்டம், அதை நினைக்கவே வேண்டாம். வலப்பக்கம் திரும்பினால் சேமியர்ஸ் சாலை, அங்கிருந்து டி.டி.கே. சாலை, மியூசிக் அகாடமி, ராயப்பேட்டை மணிக்கூண்டு, பிறகு மீண்டும் அண்ணா சாலை. இந்தச் சுற்று வழிக்கு 35 நிமிடம், 9.20.

சராசரியைப் பார்த்தால் நேர்வழியே வெல்லும். அடைப்பு பத்து நிமிடத்துக்குள் விலகினால்கூட நேர்வழியில் 9.19 ஆகிவிடும், சுற்று வழிக்குக் குறைவுதான். ஆனால் கன்னியப்பன் சராசரியைப் பார்ப்பதில்லை. இரண்டு வழிகளிலும் மிக மோசமாக என்ன நடக்கும் என்று பார்க்கிறார். சுற்று வழியில் அவர் எத்தனையோ இரவுகள் ஓட்டியிருக்கிறார். எவ்வளவு கெட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடியதில்லை. அதாவது 9.25. பெரியவருக்கு அது போதும். நேர்வழியில் அடைப்பு இருபது நிமிடத்தைத் தாண்டினால் ரயில் போய்விடும். உள்ளே நுழைந்து மாட்டிக்கொண்டால் திரும்பி வரவும் முடியாது. அளவு தெரிந்த பெரிய தாமதத்தையே அவர் தேர்ந்தெடுக்கிறார். வாக்குறுதியில் வைத்திருந்த கால் மணி நேரம் முழுவதும் இந்த ஒரு திருப்பத்தில் செலவாகிவிடுகிறது.

இவ்வளவையும் அவர் வாயால் சொல்ல வைத்தால் கதை செத்துவிடும். நான் சிக்னல் பச்சையாகும் அந்தச் சில நொடிகளுக்குள் இதை வைத்தேன். வாசகருக்கு வழிகள் முன்பே தெரிந்திருக்கட்டும். அதற்காகக் கதையின் தொடக்கத்திலேயே, பெரியவர் ராயப்பேட்டையில் தாம் வேலை பார்த்த காலத்தைப் பற்றிப் பேசுவதாக ஒரு வரி வைத்திருந்தேன். ஆகவே இங்கே பேச்சைச் சுருக்கிக்கொள்ள முடிந்தது:

*கன்னியப்பன் வலது கை இண்டிகேட்டரைப் போட்டார்.*

*"ஏங்க, நேரா போனா சீக்கிரம் இல்லையா?" என்றாள் மங்கையர்க்கரசி.*

*"சீக்கிரம்தாம்மா. ஆனா எவ்ளோ நேரம்னு சொல்ல முடியாது. இந்தப் பக்கம் ஒன்பது இருபது. அத சொல்ல முடியும்."*

ஏழாம் படி: அவரைத் தவறவும் விடுங்கள்

9.20 என்று சொன்னவர் 9.20-க்கே போய்ச் சேர்ந்தால் வாசகர் கைதட்டலாம், நம்பமாட்டார். ராயப்பேட்டை மணிக்கூண்டில் ஒரு சிக்னல் கூடுதலாக நின்றதால் அவர் 9.22-க்குப் போய்ச் சேரட்டும். இந்த இரண்டு நிமிடத்தால் பயணிக்கு எந்தக் கேடும் இல்லை, பெரியவர் 9.37-க்குப் பெட்டிக்குப் போய்விடுவார். ஆனால் கன்னியப்பனுக்கு அது உறுத்த வேண்டும். தவறை உறுத்தலோடு பார்ப்பவருக்குத்தான் இப்படிப்பட்ட கணக்கு கைக்கு வரும் என்பதை வாசகர் அந்த உறுத்தலில் உணர்ந்துகொள்வார்.

கணக்கு எங்கே செல்லாது என்பதற்கும் கதையில் ஓரிடம் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு மணி நேரம் கொட்டினால், சுரங்கப்பாதைகளில் நீர் தேங்கி, துண்டுக்கணக்கு மொத்தமும் விழுந்துவிடும். அப்படிப்பட்ட இரவுகளில் நல்ல ஓட்டுநர் மணியே சொல்வதில்லை. என் கதையில் பெரியவர், "எப்பவும் இப்படிச் சொல்லிடுவீங்களா?" என்று கேட்கிறார். "மழைன்னா சொல்ல மாட்டேங்க. ரயில்ல போயிடுங்கன்னுவேன்" என்கிறார் கன்னியப்பன். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் மற்ற நாள்களில் அவர் சொல்லும் மணிக்கு எடை கூடுகிறது.

எட்டாம் படி: முடிவு

ரயில் நகர்வதையும் மங்கையர்க்கரசி கண்கலங்கி நன்றி சொல்வதையும் முதல் வரைவில் எழுதியிருந்தேன். அது பயணியின் கதைக்கு முடிவு. ஓட்டுநருக்கோ இன்னும் விடை தெரியாத கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது: தேனாம்பேட்டையில் உண்மையிலேயே என்ன நடந்தது? தாம் திரும்பியது சரிதானா? பயணியை இறக்கிவிட்டபின் அவர் வெறும் வண்டியோடு எந்த வழியாகத் திரும்புவார் என்று யோசித்தபோது எனக்கு முடிவு கிடைத்தது. கதையின் கடைசிப் பத்தியை அப்படியே தருகிறேன்:

*பத்து மணிக்குத் தேனாம்பேட்டை வெறிச்சோடிக் கிடந்தது. கன்னியப்பன் வண்டியை ஓரமாக நிறுத்தி, மூடப்போன டீக்கடையில் ஒரு டீ கேட்டார். "எட்டே முக்காலுக்கு இங்க என்னப்பா ஆச்சு?" கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே, யாரோ பெரிய ஆள் போனார் என்றும், இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னார். "எவ்ளோ நேரம்?" "பத்து, பன்னெண்டு நிமிஷம் இருக்கும்." கன்னியப்பன் கொஞ்ச நேரம் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். "பத்தா, பன்னெண்டா?" என்று கேட்டார்.*